உள்ளும் புறமும் மாறிய ஒஸ்டியோன்

"உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். அடர்த்தியான என்பில் ஹேவர்சின் தொகுதி உண்டு, பஞ்சென்பில் இல்லை என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். ஏன் இல்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முப்பது வருடம் கொழுந்து பறித்த என் அம்மாச்சிக்கு இப்போது 63 வயது. போன மாதம் மழையில் லயத்துப் படியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். உள்ளே இருக்கும் பஞ்சு எலும்பு கரைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அதே எலும்பின் நடுப்பகுதி நன்றாகத்தானே இருக்கிறது, மணிக்கட்டு மட்டும் ஏன் கரைய வேண்டும்?"

மகள், நீங்கள் கேட்டவை இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. கண்டிப் பக்கம் ஒரு ஆய்வுகூடத்தில் இழையத் துண்டுகளை வெட்டிச் சாயமேற்றும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். டிக்கோயாவில் ஒரு லயத்தில் பிறந்தவன் என்பதால் அந்தப் படியின் வழுக்கலும் தெரியும். முதலில் எலும்பை விளக்கிவிட்டுப் பிறகு அம்மாச்சியிடம் வருகிறேன்.

எலும்பைக் கட்டும் கலத்தின் பெயர் ஒஸ்டியோபிளாஸ்ட். அது தனியாக வேலை செய்வதில்லை. நூற்றுக்கணக்கில் வரிசையாக ஒரு மேற்பரப்பில் உட்கார்ந்து, தமக்கு அடியில் கொலாஜன் நார்களால் ஆன மெத்தையான ஒரு படலத்தைச் சுரக்கின்றன. இந்தப் படலத்தில் இன்னும் சுண்ணாம்பு ஏறவில்லை. இதற்கு ஒஸ்டியோயிட் என்று பெயர். பத்து நாள் அளவில் கல்சியமும் பொஸ்பேட்டும் படிகமாக உறைந்து அது கடினமாகிறது. ஒரு நாளைக்குப் படியும் தடிப்பு ஒரு மைக்ரோமீட்டருக்கும் சற்றுக் குறைவு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதை அளந்த விதம் அழகானது. டெட்ராசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி புதிதாக உறையும் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டு, புறஊதா ஒளியில் மஞ்சளாக மினுங்கும். நோயாளிக்கு அதைச் சில நாட்கள் கொடுத்து, இடைவெளி விட்டு மறுபடியும் கொடுத்து, பிறகு இடுப்பெலும்பில் ஒரு சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு மஞ்சள் கோடுகள் தெரியும். இரண்டு தடவைக்கும் இடையில் 12 நாள், கோடுகளுக்கிடையில் 8 மைக்ரோமீட்டர் என்றால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.7.

இப்படிக் கட்டிக்கொண்டே போகும்போது சில ஒஸ்டியோபிளாஸ்ட்கள் தாம் சுரந்ததிலேயே புதைந்துவிடுகின்றன. புதைந்த கலத்துக்குப் பெயர் ஒஸ்டியோசைட். எலும்பில் இருக்கும் கலங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இவைதான். பல ஆண்டுகள், சில வேளை பல பத்தாண்டுகள்கூட, ஒரு சிறு குழிக்குள் உயிரோடு இருக்கின்றன. கல்லுக்குள் புதைந்த கலம் எப்படிச் சாப்பிடும் என்பதே நம் கதையின் மையம். சுண்ணாம்பேறிய எலும்புக்குள் எதுவும் ஊறிப் பரவாது. அதனால் புதையும் முன்பே அந்தக் கலம் பல திசைகளிலும் மெல்லிய கைகளை நீட்டி வைத்துக்கொள்கிறது. அந்தக் கைகளைச் சுற்றி உறையும் எலும்பில் மயிரிலும் மெல்லிய கால்வாய்கள் மிஞ்சுகின்றன. பக்கத்துக் கலத்தின் கையை இந்தக் கலத்தின் கை தொடுகிறது. குருதிக்குழாயிலிருந்து வரும் உணவு கையிலிருந்து கைக்கு மாறி மாறி உள்ளே போகிறது.

இந்தக் கைமாற்றம் தூரம் தாங்காது. குருதிக்குழாயிலிருந்து ஏறத்தாழ மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் இருக்கும் கலம் நன்றாக வாழும், அதைத் தாண்டினால் பட்டினிதான். இந்த 0.2 மில்லிமீட்டரை நினைவில் வைத்துக்கொண்டால் ஹேவர்சின் தொகுதி பற்றிப் பாடப்புத்தகம் சொல்வதை நீங்களே ஊகித்துவிடலாம்.

கை எலும்பின் நடுத்தண்டின் சுவர் சில மில்லிமீட்டர் தடிப்பு. எலும்பின் வெளிப்படலத்திலும் உள் மச்சையிலும் மட்டும் குருதி இருந்தால் சுவரின் நடுவிலுள்ள கலங்கள் செத்துப்போகும். ஆகவே சுவருக்குள்ளேயே குருதிக்குழாய் ஓடியாக வேண்டும். அப்படி ஓடும் குழாயைச் சுற்றி, எட்டக்கூடிய தூரம் வரைக்கும் மட்டும் எலும்பு அடுக்கடுக்காக இருக்கும். அதுதான் ஒஸ்டியோன், ஹேவர்சின் தொகுதி என்று நீங்கள் படித்ததும் இதையே. எலும்பின் நீளவாக்கில் படுத்திருக்கும் ஒரு உருளை. குறுக்களவு கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர், நடுக்கால்வாய் அதில் நாலில் ஒரு பங்கு. லண்டனில் கிளப்டன் ஹேவர்ஸ் 1691இல் எலும்பைப் பற்றி வெளியிட்ட நூலில் விவரித்த துளைகள் இவையே. அந்த உருளையின் விளிம்பிலிருக்கும் கலம்கூட நடுக்குழாயிலிருந்து 0.1 மில்லிமீட்டர் தூரத்துக்குள்தான் இருக்கிறது.

பஞ்சென்புக்கு வருவோம். அது மெல்லிய தட்டுகளும் கம்பிகளும் பின்னிய வலை. ஒவ்வொரு தட்டையும் கம்பியையும் சலாகை என்பார்கள். ஒரு சலாகையின் தடிப்பு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை. அதைச் சுற்றிலும் மச்சை, மச்சை முழுவதும் குருதிக்குழாய். எந்தப் பக்கத்திலிருந்து அளந்தாலும் நடுவிலுள்ள கலம் குருதிக்கு மிக அருகில்தான் இருக்கிறது. வெளியே ஆறு ஓடும்போது வீட்டுக்குள் கிணறு தோண்டுவானேன்? பஞ்சென்பில் ஹேவர்சின் தொகுதி இல்லாததன் காரணம் இவ்வளவே. இது ஒரு விதியில்லை, தடிப்பின் விளைவு. எங்காவது ஒரு சலாகை மிகவும் தடித்துப் போனால் அதற்குள்ளும் ஒரு ஒஸ்டியோனைக் காணலாம். நானே கண்டிருக்கிறேன்.

எனவே ஒஸ்டியோனையும் சலாகையையும் இரண்டு வேறு பொருளாக நினைக்காதீர்கள். கொலாஜன் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, கலங்களும் ஒன்று, அடுக்குகளும் ஒன்று. ஒஸ்டியோனில் எலும்பு வெளியே, குருதி உள்ளே. சலாகையில் எலும்பு உள்ளே, குருதி வெளியே. ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது.

இங்கே மாணவர்கள் அடிக்கடி விழும் ஒரு குழியைச் சொல்லிவிடுகிறேன். ஒஸ்டியோனின் வட்டங்களைப் பார்த்ததும் மரத்தின் ஆண்டு வளையம் நினைவுக்கு வருகிறது, அதனால் வெளிவட்டம்தான் புதியது என்று எழுதிவிடுகிறார்கள். நேர்மாறு. மரம் வெளியே பெருக்கிறது, ஒஸ்டியோன் உள்ளே நிரம்புகிறது. முதலில் ஒரு சுரங்கம் தோண்டப்படுகிறது. பிறகு அதன் சுவரில் உள்பக்கமாகப் பூச்சுக்கு மேல் பூச்சாக எலும்பு படிகிறது. நடுவில் குழாய்க்கு வேண்டிய இடம் மட்டும் மிஞ்சும்போது பூச்சு நிற்கிறது. கால்வாய்க்கு ஒட்டியிருக்கும் அடுக்கே கடைசியாகப் பூசியது.

அந்தச் சுரங்கத்தைத் தோண்டுவது ஒஸ்டியோகிளாஸ்ட். இது எலும்பைக் கட்டும் கலத்தின் உறவுக்காரன்கூட இல்லை. கட்டும் கலம் மச்சையின் இணைப்பிழைய மூலக் கலத்திலிருந்து வருகிறது. கரைக்கும் கலமோ குருதிக் கலங்களின் வழியில் வருகிறது. கிருமிகளை விழுங்கும் பெரும் வெண்குருதிக் கலங்களின் சகோதரன். பல கலங்கள் ஒன்றாக உருகிச் சேர்ந்த பூதம் அது, ஒன்றுக்குள்ளேயே பல கருக்கள் இருக்கும். எலும்பின்மேல் கவிழ்ந்து, விளிம்பை வட்டமாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய வட்டத்துக்குள் அதன் அடிப்பரப்பு பாவாடைச் சுருக்கம்போல மடிந்திருக்கும். அந்த மடிப்பு வழியாக அமிலத்தைச் சுரந்து, உள்ளிருக்கும் pH 4.5 அளவுக்கு இறங்கும்போது சுண்ணாம்பு கரைகிறது. வெளித்தெரியும் கொலாஜனை கதெப்சின் கே என்ற நொதியம் அறுக்கிறது.

நடுத்தண்டில் இத்தகைய கலங்கள் பத்துப் பன்னிரண்டு ஒன்றுகூடிக் கூம்புபோல் முன்னேறும். வேகம் நாளொன்றுக்கு 20 முதல் 40 மைக்ரோமீட்டர். பின்னாலேயே கட்டும் கலங்கள் ஆயிரக்கணக்கில் வந்து சுவரில் பூசுகின்றன. பஞ்சென்பிலோ சுரங்கம் வேண்டியதில்லை, சலாகையின் மேலேயே ஒரு பள்ளம் தோண்டினால் போதும். பள்ளம் 50 மைக்ரோமீட்டர் ஆழம் வரை போகும், பிறகு நிரப்பப்படும். இரண்டு இடத்திலும் காலக் கணக்கு ஒன்றுதான்: ஒரு இடத்தைத் தோண்டச் சில வாரம், நிரப்ப மூன்று நான்கு மாதம். இந்த இடைவெளியை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இடிப்பது வேகம், கட்டுவது மெதுவு. எங்கே தோண்டுவது என்று சொல்வதும் பெரும்பாலும் புதைந்திருக்கும் ஒஸ்டியோசைட்தான். பாரத்தால் எலும்பு நெளியும்போது கால்வாய்களில் திரவம் அசைவதை அது உணர்கிறது. நுண்வெடிப்பில் கைகள் அறுபட்டால் அந்தக் கலம் சாகிறது, அந்த இடத்துக்குக் கரைக்கும் கலங்கள் அழைக்கப்படுகின்றன. அந்த அழைப்பில் முதன்மையான புரதத்தின் பெயர் RANKL. இந்தப் பெயர் பிறகு வரும்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் காட்டும் ஸ்லைட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. காய்ந்த எலும்பை ஒளி ஊடுருவும் வரை தேய்த்து மெலிதாக்கிய ஸ்லைட்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதில் கறுப்புச் சிலந்திகள்போலத் தெரிவதைக் கலம் என்று பெயரிடாதீர்கள். கலம் எப்போதோ அழிந்துவிட்டது, தெரிவது காற்று நிறைந்த குழியும் கால்வாய்களும். கலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எலும்பைப் பல நாள் அமிலத்தில் அல்லது EDTAவில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கி, வெட்டி, சாயமேற்ற வேண்டும். நான் செய்தது அந்த வேலை. அமிலத்தில் ஒரு நாள் கூடிவிட்டால் கருக்கள் சாயம் பிடிக்காமல் வெளிறிப்போகும், ஒரு நாள் குறைந்தால் கத்தியின் விளிம்பு பல்லுப்பல்லாக உடையும்.

தேய்த்த ஸ்லைட்டிலும் ஒரு அருமையான விஷயம் உண்டு. ஒவ்வொரு ஒஸ்டியோனையும் சுற்றி மெல்லிய வரி ஒன்று ஓடும், அதற்குச் சீமெந்துக் கோடு என்று பெயர். தோண்டல் எங்கே நின்று பூச்சு தொடங்கியதோ அந்த எல்லை அது. இரண்டு ஒஸ்டியோன்கள் உரசும் இடத்தில் எது முழு வட்டமாக இருக்கிறதோ அது பிந்தியது, எது கடிபட்டு இருக்கிறதோ அது முந்தியது. முழு வட்டங்களுக்கு இடையே கிடக்கும் உடைந்த வளையத் துண்டுகள் இன்னும் பழையவை. அந்தச் சுவர் எத்தனை தடவை இடித்துக் கட்டப்பட்டது என்பது அப்படியே எழுதிக் கிடக்கிறது.

நுணுக்குக்காட்டி இல்லாவிட்டாலும் பாதியைக் காணலாம். தீபாவளிக்கு ஆட்டுப் பங்கு வாங்கும்போது தொடையெலும்பின் மூட்டுப் பக்கத்தை நீளவாக்கில் அறுத்துத் தரச் சொல்லுங்கள். தண்டில் தடித்த வெள்ளைச் சுவர் இருக்கும். மூட்டை நெருங்க நெருங்கச் சுவர் மெலிந்து, உள்ளே தேன்கூடுபோல வலை நிரம்பியிருக்கும். அம்மாச்சியின் கை எலும்பும் அப்படித்தான். நடுத்தண்டு ஏறத்தாழ முழுவதும் அடர்த்தியான எலும்பு. மணிக்கட்டு முனையில் முட்டையோடுபோல மெலிந்த சுவரும் அதற்குள் பஞ்சென்பும்.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்வி. கட்டும் கலமும் கரைக்கும் கலமும் மேற்பரப்பில் மட்டுமே வேலை செய்ய முடியும். ஆகவே எங்கே மேற்பரப்பு அதிகமோ அங்கேதான் இடித்தலும் கட்டுதலும் அதிகம். ஒரு கணக்குப் போடுவோம். 0.15 மில்லிமீட்டர் தடிப்பான சலாகைத் தட்டுகளிலிருந்து ஒரு கன மில்லிமீட்டர் எலும்பை எடுத்தால், இரண்டு பக்கமும் சேர்த்து மேற்பரப்பு 2 ஐ 0.15 ஆல் வகுத்தது, அதாவது 13 சதுர மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதே அளவு அடர்த்தியான எலும்பில், சதுர மில்லிமீட்டருக்கு 20 கால்வாய்கள், ஒவ்வொன்றும் 0.05 மில்லிமீட்டர் குறுக்களவு என்று வைத்தால், உள்மேற்பரப்பு 3 சதுர மில்லிமீட்டர்தான். நாலு மடங்குக்கும் மேல் வித்தியாசம். போதாததற்குப் பஞ்சென்பு மச்சையில் குளித்துக்கொண்டிருக்கிறது, கரைக்கும் கலங்கள் பிறப்பது அந்த மச்சையில். இதனால்தான் வளர்ந்த ஒருவரில் பஞ்சென்பு ஆண்டுக்கு நாலில் ஒரு பங்கு அளவுக்குப் புதுப்பிக்கப்படுகிறது, அடர்த்தியான எலும்போ நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். உடலின் எலும்பு எடையில் ஐந்தில் நாலு பங்கு அடர்த்தியான எலும்பாக இருந்தும் நிலைமை இதுதான்.

தோண்டியதும் நிரப்பியதும் சமமாக இருக்கும்வரை இந்த வேகத்தால் கெடுதி இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அது RANKL புரதத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தது, கரைக்கும் கலங்களைக் காலத்தோடு சாகவும் வைத்தது. அது போனதும் கரைக்கும் கலங்கள் கூடுதலாகப் பிறக்கின்றன, கூடுதல் நாள் வாழ்கின்றன, கூடுதல் ஆழம் தோண்டுகின்றன. 130 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள ஒரு சலாகையை எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் நேரெதிரே 50 ஆழத்தில் இரண்டு பள்ளங்கள் விழுந்தாலும் நடுவில் 30 மிஞ்சும். கட்டும் கலங்கள் நாலு மாதத்தில் வந்து அதன்மேல் பூசிவிடும். பள்ளம் 65 ஆழம் போனால் மிஞ்சுவது பூஜ்யம். சலாகை அறுந்துவிட்டது. ஒஸ்டியோபிளாஸ்ட் இருக்கிற மேற்பரப்பில்தான் பூச முடியும், வெற்றிடத்தில் பாலம் கட்ட அதற்குத் தெரியாது. அறுந்த சலாகை கிட்டத்தட்ட நிரந்தரமாக அறுந்ததுதான். சுரங்கமாகத் தோண்டப்படும் ஒஸ்டியோனுக்கு இந்த ஆபத்து இல்லை, சுற்றிலும் சுவர் இருக்கிறது.

கோபுரத்துக்கு வர்ணம் பூசச் சாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நிற்கும் மரங்களைத் தொடாமல், இடையில் கட்டிய குறுக்குக் கம்புகளை ஒன்றுவிட்டு ஒன்று அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? தாங்கலில்லாத நீளம் இரண்டு மடங்கானால், மெல்லிய ஒரு கம்பம் வளைந்து ஒடியாமல் தாங்கும் பாரம் நாலில் ஒன்றாகக் குறையும். மணிக்கட்டுக்குள் நடந்தது அதுதான். எலும்பின் அளவு குறைந்ததைவிட, இணைப்பு அறுந்ததுதான் கூடுதல் கேடு. கையூன்றி விழும்போது முழு உடலின் பாரமும் அந்த முனையில் இறங்குகிறது. டப்ளினில் ஏப்ரகாம் கொலெஸ் 1814இல் விவரித்த முறிவு இதே இடத்தில்தான், எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு எண்பது வருடத்துக்கும் முன்பு.

நடுப்பகுதி நன்றாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை மட்டும் கொஞ்சம் திருத்துகிறேன். அங்கேயும் இழப்பு நடக்கிறது, மெதுவாக. ஹேவர்சின் கால்வாய்கள் அகன்று, மச்சைப் பக்கத்துச் சுவர் துளைத்துளையாகிப் பஞ்சுபோல் மாறிக்கொண்டு வரும். வயது ஏற ஏற இழப்பின் பெரும்பங்கு இந்தப் பக்கம் சாய்கிறது. இடுப்பு முறிவு மணிக்கட்டு முறிவைவிடப் பிந்தி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே மணிக்கட்டு முறிந்ததை இடுப்புக்கு வந்த முன்னறிவித்தலாக எடுத்துக்கொண்டு, DXA என்ற அடர்த்திப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் இழப்பு கண்ணுக்குத் தெரிய ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எலும்பு போயிருக்க வேண்டும், அதனால் "எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது" என்ற பேச்சில் ஆறுதல் அடையாதீர்கள். DXAவும் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது என்றுதான் சொல்லும், எத்தனை சலாகை அறுந்தது என்று சொல்லாது.

கரைந்துவிட்டது என்ற சொல்லோடு வேறொன்றைக் குழப்பவும் வேண்டாம். விற்றமின் டி மிகக் குறைந்தவர்களில் எலும்பு கட்டப்படுகிறது, ஆனால் சுண்ணாம்பு ஏறுவதில்லை. சாயமேற்றிய துண்டில் சலாகையைச் சுற்றி ஒஸ்டியோயிட் அகன்ற பட்டையாக நிற்கும். அம்மாச்சியின் வகையில் மிஞ்சியிருக்கும் எலும்பு நன்றாக உறைந்த எலும்புதான், அளவும் இணைப்பும்தான் குறைவு. இரண்டுக்கும் மருத்துவம் வேறு. எலும்புத் தேய்வுக்கு முதலில் கொடுக்கப்படும் பிஸ்பொஸ்பொனேட் மாத்திரை சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டு, அதைக் கரைக்க வரும் ஒஸ்டியோகிளாஸ்டின் வயிற்றுக்குள் போய் அதை முடக்குகிறது. பள்ளங்கள் குறைகின்றன, தோண்டியிருந்தவை நிரம்புகின்றன, மிஞ்சிய சலாகைகள் காக்கப்படுகின்றன. அறுந்தவற்றை அது ஒட்டாது. அதனால்தான் இதில் தாமதம் விலை கூடியது. எழுதித் தந்தால், காலையில் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். தேநீரோடு விழுங்கினால் மருந்து உடலில் சேராது, படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

முறிந்த இடம் பொருந்தும் விதமும் இதே கலங்களின் வேலைதான். முறிவில் அவசரமாகப் போடப்படும் எலும்பு அடுக்கில்லாமல் கொலாஜன் தாறுமாறாகப் பின்னியது. பஞ்சென்பில் குருதி தாராளமாக இருப்பதால் அது ஆறு வாரம் அளவில் கட்டுப் பிரிக்கும் நிலைக்கு வந்துவிடும். அதை அகற்றி அடுக்கெலும்பாக மாற்றுவதற்கு இன்னும் பல மாதம் போகும்.

அம்மாச்சியின் எக்ஸ்ரே படம் வீட்டில் இருந்தால் பகல் வெளிச்சத்தில் ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முன்கையின் நடுவில் இரு பக்கமும் கெட்டியான வெள்ளைக் கோடுகள் தெரியும், அவை ஒஸ்டியோன்கள் அடுக்கிய சுவர். மணிக்கட்டை நோக்கி வர வர அந்தக் கோடுகள் மெலிந்து நூலாகும், நடுவில் நரைத்த வலைபோன்ற நிழல் தொடங்கும், அது சலாகைகள். முறிவுக் கோடு பெரும்பாலும் அந்த நிழலுக்குள்தான் போயிருக்கும்.